எந்தப் பாடம், யாருக்கு, எத்தனை கேள்வி?

வினாடி வினா தயாரித்துத் தரச் சொல்லும் கோரிக்கை பெரும்பாலும் ஒரே வரியில் வந்து சேர்கிறது. "வெள்ளிக்கிழமை ஒரு க்விஸ் வைக்கணும் டீச்சர், கேள்வி எடுத்துக் கொடுத்துடுங்க" என்று தலைமையாசிரியர் சொல்வார். அந்த வரியில் நாள் இருக்கிறது. எந்தப் பாடம், எத்தனை கேள்வி, எந்த நிலையில் உள்ளவர்கள் எழுதப்போகிறார்கள் என்ற மூன்றும் இல்லை. சொல்பவர் அவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு வாயால் சொல்ல விட்டிருக்கலாம். பல சமயம் அவரே அதுவரை யோசித்திருக்க மாட்டார். அவரிடம் இருப்பது ஒரு தேவை மட்டும்தான்.

கேள்வி எடுப்பவர் இந்த மூன்றையும் தாமே ஊகித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? மூன்று ஊகங்களும் ஒரே மாதிரி தவறுவதில்லை. பாடம் தவறாக இருந்தால் தாளைப் பார்த்த மறுநொடியே கேட்டவர் சொல்லிவிடுவார். எண்ணிக்கை தவறாக இருந்தாலும் முதல் பார்வையில் தெரிந்துவிடும். சில கேள்விகளை நீக்கியோ சேர்த்தோ சரிசெய்யலாம். மாணவர் நிலை தவறாக இருந்தால் மட்டும் யாருக்கும் தெரியாது. தாள் அழகாகத்தான் இருக்கும், விடைகளும் சரியாகவே இருக்கும். வகுப்பில் முப்பது பேர் எழுதி முடித்த பிறகுதான், எல்லோருக்கும் முழு மதிப்பெண் கிடைத்தோ எல்லோரும் விழித்துக்கொண்டு உட்கார்ந்தோ அந்தப் பிழை வெளியே வரும். அதனால் விடுபட்ட மூன்றில் அதிகக் கவனம் கேட்பது மாணவர் நிலைதான்.

ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மேலே சொன்ன வரி அங்குள்ள கணித ஆசிரியையிடம் சொல்லப்படுகிறது. அவர் முதலில் செய்ய வேண்டியது திரும்பக் கேட்பது. கேட்பதிலும் ஒரு முறை உண்டு. "என்ன பாடம், எத்தனை கேள்வி, எந்த லெவல் சார்?" என்று மூன்றையும் விண்ணப்பப் படிவம் போல அடுக்கினால், "நீங்களே பார்த்துப் போடுங்க டீச்சர்" என்ற பதில்தான் வரும். கேட்டவருக்கு இந்த மூன்றுக்கும் உடனடி விடை தெரியாது. ஆனால் எதற்காகக் கேட்டார் என்பது அவருக்குத் தெரியும். எனவே அங்கிருந்து தொடங்குவதே பலன் தரும்: "மார்க் வந்ததும் அதை வெச்சு என்ன பண்ணப்போறோம் சார்?"

இந்த ஒரு கேள்விக்கு வரும் விடை மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டு வரும். "ஆண்டுவிழா மேடையில் இரண்டு அணியாகப் பிரித்து நடத்தப்போகிறோம்" என்றால், வாயால் ஓரிரு சொற்களில் சொல்லக்கூடிய, தகராறுக்கு இடமில்லாத விடைகள் உள்ள கேள்விகள் வேண்டும். யார் முந்துகிறார்கள் என்பது தெரிய வேண்டும் என்பதால் கடினமான சிலவும் வேண்டும். "மாணவர்கள் பாடத்தை மறந்துவிடாமல் இருக்க" என்றால் ஐந்து நிமிடத்தில் முடியும் ஐந்து கேள்விகள் போதும், மதிப்பெண்ணே தேவையில்லை. நம் எடுத்துக்காட்டில் தலைமையாசிரியர் சொல்லும் விடை வேறு: "ஆறாம் வகுப்புல அடுத்து தசமம் ஆரம்பிக்கணும். பின்னமே புரியாத பசங்க யாருன்னு தெரிஞ்சா அவங்களுக்குத் தனியா ஒரு வாரம் சொல்லிக் கொடுக்கலாம்." இப்போது பாடமும் வகுப்பும் கிடைத்துவிட்டன. இந்தத் தாளை நம்பி முப்பது குழந்தைகளில் சிலர் தனியே அமர்த்தப்படப்போகிறார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. எண்ணிக்கையை முடிவு செய்யப்போவது அந்தக் கடைசி விவரம்தான்.

முதலில் பாடம். "பின்னங்கள்" என்ற தலைப்பு மட்டும் கிடைத்துவிட்டால் போதும் என்று தோன்றும். அது போதாது. பின்னம் என்றால் என்ன என்று புரிந்துகொள்வது, 1/2-உம் 2/4-உம் சமம் என்று காண்பது, இரண்டு பின்னங்களில் எது பெரியது என்று சொல்வது, கூட்டுவது, கழிப்பது, பெருக்குவது என்று அந்த ஒரு தலைப்புக்குள் பல பாடங்கள் இருக்கின்றன. எல்லை வகுக்காமல் கேள்வி எடுப்பவரின் கை, எழுத எளிதான பக்கமே போகும். பின்னத்தில் அது கூட்டல் கணக்கு. பத்துக் கேள்வியில் எட்டு கூட்டலாகிவிடும். எது பெரியது என்று ஒப்பிடத் தெரியாத குழந்தை கூட்டல் முறையை மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் வாங்கிவிடும்.

இதைத் தடுக்கக் கல்வித் துறையில் நெடுநாளாக உள்ள கருவி வினாத்தாள் திட்ட அட்டவணை. பள்ளிகளில் இதைப் புளூபிரிண்ட் என்றே சொல்வார்கள். இடப்பக்கம் உட்தலைப்புகளையும் மேலே சிந்தனை வகைகளையும் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை கேள்வி என்று முன்கூட்டியே நிரப்பிக்கொள்வது இதன் முறை. சிந்தனை வகைகளுக்கு அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 1956-இல் வெளியிட்ட பகுப்பு பரவலாகப் பயன்படுகிறது. அதில் ஆறு படிகள் உண்டு. ஒரு சிறிய வகுப்புத் தேர்வுக்கு அந்த ஆறையும் நிரப்பப் பார்ப்பது வீண் உழைப்பு; நினைவில் உள்ளதா, புரிந்திருக்கிறதா, புதிய இடத்தில் பயன்படுத்தத் தெரிகிறதா என்ற மூன்றே போதும்.

ஒவ்வொரு உட்தலைப்புக்கும் எத்தனை கேள்வி என்பதை அது எடுத்துக்கொண்ட பாடவேளைகளை வைத்து முடிவு செய்யலாம். நம் ஆசிரியை பின்னத்துக்கு எட்டுப் பாடவேளை செலவிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: பின்னத்தின் பொருளுக்கு ஒன்று, சமான பின்னங்களுக்கு இரண்டு, ஒப்பிடுதலுக்கு இரண்டு, கூட்டல் கழித்தலுக்கு மூன்று. பன்னிரண்டு கேள்வி எடுப்பதானால் இவற்றுக்கு முறையே 2, 3, 3, 4 என்று வரும். பெருக்கல் நடத்தவில்லை, ஆகவே அதில் கேள்வி இல்லை. நடத்தாத பகுதியிலிருந்து தவறிப்போய் நுழையும் ஒரு கேள்விகூடக் குழந்தைக்கு இழைக்கும் அநீதிதான். அட்டவணை இருந்தால் அது எழுதும்போதே கண்ணில் பட்டுவிடும்.

அடுத்தது நிலை. "ஆறாம் வகுப்பு" என்பது நிலையின் ஒரு பாதி. ஒரே தலைப்பு வகுப்புக்கு வகுப்பு எப்படி மாறுகிறது என்று பார்த்தால் மறுபாதி புரியும். மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் நான்கு சம பங்குகளாகப் பிரித்த ஒரு சதுரத்தைக் காட்டி, ஒரு பங்குக்கு வண்ணமிட்டு, வண்ணமிட்ட பகுதியைப் பின்னமாக எழுதச் சொல்லலாம். ஆறாம் வகுப்பில் 1/3 + 1/4 எவ்வளவு என்று கேட்கலாம். ஆசிரியர் பயிற்சி பெறுபவரிடம், ஒரு மாணவி 1/3 + 1/4 = 2/7 என்று எழுதியிருக்கிறாள், அவள் எப்படி யோசித்திருப்பாள் என்று கேட்கலாம். மூன்றும் பின்னம்தான். ஒருவருக்கான தாளை மற்றவரிடம் கொடுத்தால் இருவரைப் பற்றியும் எதுவும் தெரியவராது.

வகுப்பு ஒன்றாகவே இருந்தாலும் கேட்கும் ஆழம் மாறலாம். இதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று 1978-இல் அமெரிக்காவின் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீட்டில் கிடைத்தது. 12/13 + 7/8 என்பதன் தோராய மதிப்பு என்ன என்று கேட்டு, 1, 2, 19, 21 என்று விடைகள் கொடுத்திருந்தார்கள். கணக்குப் போடவே தேவையில்லை; இரண்டு பின்னங்களும் ஏறக்குறைய ஒன்று, ஆகவே கூட்டினால் ஏறக்குறைய இரண்டு. 13 வயதினரில் 24 விழுக்காட்டினர் மட்டுமே 2 என்றார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள்; அதாவது மேலே உள்ள 12-ஐயும் 7-ஐயும், அல்லது கீழே உள்ள 13-ஐயும் 8-ஐயும் கூட்டிவிட்டார்கள். பின்னத்தை அவர்கள் ஓர் எண்ணாகப் பார்க்கவில்லை, கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு எண்களாகப் பார்த்திருக்கிறார்கள். "பொது மடங்கு கண்டு கூட்டுக" என்ற வழக்கமான கேள்வி இந்தக் குறையைக் காட்டியிருக்காது. நம் தலைமையாசிரியர் தேடுவது பின்னமே புரியாதவர்களை. ஆகவே அவருக்கு வேண்டியது இந்த வகைக் கேள்விகள்.

நிலை என்பதில் மொழியும் அடங்கும். "ஒரு விவசாயி தன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கில் நெல்லும் நான்கில் ஒரு பங்கில் கரும்பும் பயிரிட்டு மீதியைத் தரிசாக விட்டார் எனில்" என்று தொடங்கும் கேள்வியில் தடுமாறும் குழந்தைக்கு வராதது பின்னமா, அந்த நீண்ட வாக்கியமா என்று விடைத்தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. சரளமாக வாசிக்கத் தெரியாதவர்கள் வகுப்பில் இருந்தால் வாக்கியங்களைச் சுருக்க வேண்டும், அல்லது ஆசிரியை கேள்வியை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

ஒரே வகுப்பில் பல நிலைகள் இருப்பது விதிவிலக்கல்ல. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்பு மாணவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையைக் கொண்டு பிரிப்பதே இதை ஏற்றுக்கொண்டதன் அடையாளம். ஆகவே நிலை என்ன என்ற கேள்விக்கு வகுப்பாசிரியரிடமிருந்து வர வேண்டிய உண்மையான விடை, "ஆறாம் வகுப்பு, பாதிப் பேர் நன்றாக வாசிப்பார்கள், ஏழெட்டுப் பேருக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும்" என்பது போல இருக்கும்.

மூன்றாவது எண்ணிக்கை. இதைப் பலரும் வசதிப்படி பத்து, இருபது என்று வைத்துவிடுகிறார்கள். இதற்கு மேலிருந்து ஒரு வரம்பும் கீழிருந்து ஒரு வரம்பும் உண்டு. மேல் வரம்பு நேரம். 40 நிமிடப் பாடவேளையில் தாள் கொடுத்து வாங்கப் பத்து நிமிடம் போகும். விடைகளை அப்போதே பேசி முடிப்பதுதான் குழந்தைகளுக்கு நல்லது, அதற்குப் பத்து நிமிடம். எழுத மீதம் இருபது நிமிடம். பார்த்ததும் விடை சொல்லும் கேள்விக்கு ஒரு நிமிடம், கணக்குப் போட்டு எழுத வேண்டியதற்கு இரண்டு நிமிடம் என்று கொண்டால், மேலே சொன்ன பன்னிரண்டில் நான்கு கூட்டல் கழித்தலுக்கு எட்டு நிமிடமும் மற்ற எட்டுக்கு எட்டு நிமிடமும் ஆகும். பதினாறு நிமிடம், மெதுவாக எழுதுபவர்களுக்கு நான்கு நிமிடம் கையிருப்பு.

கீழ் வரம்பை முடிவு செய்வது குருட்டு ஊகம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில், எதுவுமே தெரியாதவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஐந்தே கேள்வி வைத்து, மூன்று சரியென்றால் தேர்ச்சி என்று கொண்டால், கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் தேறிவிடுவார்கள். அதே அறுபது விழுக்காட்டைப் பத்துக் கேள்வியில் கேட்டால் அது நூற்றுக்கு இரண்டு பேராகக் குறைகிறது. இருபது கேள்வியில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு. மாணவர்களைப் பிரிக்கப் பயன்படும் தாளில் ஐந்து கேள்வி போதாது என்பதற்கு இதுவே காரணம். நம் ஆசிரியை பன்னிரண்டில் நிற்பது இந்த இரண்டு வரம்புகளுக்கும் இடையில் கிடைத்த இடம்.

நல்ல தவறான விடைகள் கிடைக்கவில்லையென்றால் நான்கு விடை தந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. நான்காவது விடை பெரும்பாலும் யாரும் தொடாத நிரப்பலாகவே முடிகிறது. அப்படியிருக்க மூன்றே கொடுத்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தில் இன்னொரு கேள்வி சேர்ப்பது மேல். தவறான விடை ஒவ்வொன்றும் குழந்தைகள் உண்மையில் செய்யும் ஒரு பிழையிலிருந்து வர வேண்டும். 1/3 + 1/4 என்ற கேள்விக்குச் சரியான விடை 7/12. தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டுபவருக்கு 2/7 கிடைக்கும். இரண்டிலும் மேலே 1 இருப்பதால் அதை அப்படியே விட்டுப் பகுதிகளை மட்டும் கூட்டுபவருக்கு 1/7. பொது மடங்கு 12 என்று சரியாகக் கண்டுபிடித்து, தொகுதிகளை மாற்ற மறந்தவருக்கு 2/12. இப்படி அமைத்தால் தவறாகக் குறித்தவர் எந்தப் படியில் வழுக்கினார் என்பதும் தெரிந்துவிடும். ஆறாம் வகுப்பில் எந்தப் பிழைகள் வழக்கம் என்று தெரிந்தவரால்தான் இதை எழுத முடியும் என்பதால், நிலை தெரியாமல் நல்ல தவறான விடைகளை எழுதவே இயலாது.

திரும்பக் கேட்க வழியில்லாத நேரங்களும் உண்டு. சொன்னவர் ஊரில் இல்லை, தேர்வோ நாளை. அப்போது பாடத்தை மட்டும் ஊகிக்கக் கூடாது. ஊகித்தால் தலைநகரங்கள், கண்டுபிடிப்புகள், கண்டுபிடித்தவர்கள் என்று பொது அறிவுக் கேள்விகளில் போய் முடியும். அவை எந்தப் பாடத்தையும் சோதிப்பதில்லை. வகுப்பாசிரியரையோ பாடக் குறிப்பேட்டையோ மாணவரின் நோட்டையோ பார்த்து, கடைசியாக நடந்த பாடம் எது என்று கண்டுகொள்வது பெரும்பாலும் சில நிமிட வேலைதான்.

நிலையும் எண்ணிக்கையும் தெரியவில்லை என்றால் சமாளிக்க வழி இருக்கிறது. கேள்விகளைப் படிக்கட்டு போல அமைப்பது அது. இந்தியக் கிராமங்களில் குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்க 2005 முதல் நடந்துவரும் ஏசர் ஆய்வு இதைத்தான் செய்கிறது. குழந்தையின் நிலை முன்கூட்டியே தெரியாது என்பதால், முதலில் நடுவில் உள்ள ஒரு கழித்தல் கணக்கைக் கொடுக்கிறார்கள். அதைப் போட்டுவிட்டால் மேலே வகுத்தலுக்கு, போடாவிட்டால் கீழே எண்களை இனங்காணுவதற்கு. தாளில் எழுதும் தேர்வில் இப்படி ஏறி இறங்க முடியாது, ஆனால் அதே எண்ணத்தைப் பின்பற்றலாம். முதல் நான்கு கேள்விகள் நான்கு உட்தலைப்புகளையும் மிக எளிய அளவில் தொடட்டும். அடுத்த நான்கு அதே உட்தலைப்புகளை வகுப்புக்குரிய அளவில் தொடட்டும். கடைசி நான்கு அதற்கு மேல். நேரம் போதாமல் எட்டோடு நிறுத்தினாலும் எந்த உட்தலைப்பும் விடுபடாது. ஒரு கேள்வியின் விடை இன்னொன்றுக்குத் தேவைப்படாதபடி எழுதினால் எதை வேண்டுமானாலும் நீக்கலாம். தாளின் தலையில் "ஆறாம் வகுப்பு, பின்னங்கள், பெருக்கல் நீங்கலாக, 20 நிமிடம் என்று கொண்டு தயாரித்தது" என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். ஊகம் தவறு என்றால் அந்த ஒரு வரியைப் படித்ததுமே, தேர்வுக்கு முன்பே, யாராவது சொல்லிவிடுவார்கள்.

நிலையை ஊகித்தது சரியா என்பதை எழுதி முடித்த தாள்கள் சொல்லும். ஒவ்வொரு கேள்வியையும் எத்தனை பேர் சரியாகச் செய்தார்கள், தவறியவர்கள் எந்த விடையைக் குறித்தார்கள் என்று எண்ணினால் போதும். 32 பேர் எழுதியதில் ஒரு கேள்வியை 31 பேர் சரியாகச் செய்திருந்தால், அந்தக் கேள்வி யாரையும் பிரித்துக் காட்டவில்லை. நான்கு விடைக் கேள்வியில் 8 பேர் மட்டும் சரியாகச் செய்து, மற்றவர்கள் மூன்று தவறான விடைகளிலும் ஏறக்குறைய சமமாகப் பரவியிருந்தால், மொத்த வகுப்பும் ஊகித்திருக்கிறது. பாடம் நடக்கவில்லை, அல்லது கேள்வி புரியவில்லை. 1/3 + 1/4 கேள்வியில் 11 பேர் சரியாகவும் 15 பேர் 2/7 என்றும் குறித்திருந்தால் அது ஊகம் அல்ல. அந்தப் பதினைந்து பேரும் ஒரே தவறான முறையை உறுதியாகக் கற்று வைத்திருக்கிறார்கள், தனியே அமர்த்திச் சொல்லித்தர வேண்டியவர்கள் அவர்கள்தான். மொத்தத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் தவறவிட்டு, குறைவாக வாங்கியவர்கள் சரியாகச் செய்த கேள்வி ஒன்று இருந்தால், மாணவர்களைக் குறை சொல்வதற்கு முன் விடைக்குறிப்பைச் சரிபார்க்க வேண்டும். விடையையே தவறாகக் குறித்திருக்கலாம், அல்லது இரண்டு விடைகள் சரியாக இருக்கலாம்.

முப்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதால் இந்தக் கணக்கை மிகையாக நம்பவும் கூடாது. இரண்டு மூன்று பேர் அன்று பள்ளிக்கு வராததே ஒரு கேள்வியின் கணக்கை மாற்றிவிடும். ஒரு விடையில் 15 பேர் குவிவது போன்ற பெரிய வேறுபாடுகள்தான் பொருட்படுத்தத் தக்கவை. தேர்ச்சிக் கோட்டுக்கு ஒரு மதிப்பெண் மேலும் கீழும் நிற்கும் குழந்தைகளைத் தாளை மட்டும் வைத்துப் பிரிக்காமல், அருகில் அழைத்து 1/5 பெரியதா 1/4 பெரியதா என்று கேட்டு, ஏன் என்று சொல்லச் சொன்னால் ஓரிரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.